ஒரு மூடி காப்பி

திருப்பூரில் ஏறும்போதே தெரியும், ஆர்.ஏ.சி.தான். சைடு லோயரில் பாதி எனக்கு, பாதி அந்த அம்மாவுக்கு. விடிய விடிய முட்டி இடிக்காமல் உட்கார்ந்து வர வேண்டும். அம்மாவின் மடியில் ஒரு நீல ஃபிளாஸ்க்.

"ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா?" என்று வாய்விட்டுவிட்டேன்.

"இன்னாத்துக்கு? பொண்ணு பனியன் கம்பெனில கீறா, பாத்துட்டு வர்றேன். அவதான் காப்பி ஊத்திக் குடுத்தா. ஃபிளாஸ்க்க பாத்தா ஆஸ்பத்திரிதான் தோணுதா உனக்கு?"

பேச்சிலேயே ஊர் தெரிந்துவிட்டது. காசிமேடு. நான் வியாசர்பாடி. அப்புறம் என்ன, ஈரோடு வருவதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எனக்குக் கால் நீட்ட இடம் விட்டார்.

சேலம் தாண்டித் தூக்கம் வராமல் இருவரும் விழித்திருந்தோம். மூடியைத் திருகினார். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, ஜன்னல் வழியாக அலசினார். இருந்தது அந்த ஒரு மூடிதான்.

"மொதல்ல நீ குடி."

நான் தூக்கிக் குடிக்கப் பார்த்தேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. மூக்கு, மோவாய், சட்டை எல்லாம் காப்பி. நாக்கு வெந்துபோனது.

"வாய் வச்சே குடிபா. மீன் ஏலம் எடுக்குற எடத்துல ஒரு டீய நாலு பேரு குடிக்கிறோம். யாரும் சாவல."

குடித்தேன். நன்றாக இனித்தது. தனக்கும் அதே மூடியில் ஊற்றி, நான் வாய் வைத்த பக்கத்தைத் திருப்பக்கூட இல்லாமல் அவர் குடித்தார்.

அப்பா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொன்னேன். பத்தொன்பது நாள். தினமும் விடியற்காலை வாசல் கடையில் ஃபிளாஸ்க் நிறைய டீ வாங்கிக்கொண்டு மாடி ஏறுவேன். இருபதாம் நாள் காலையிலும் வாங்கினேன். அந்த ஃபிளாஸ்க் இப்போது பரணில் இருக்கிறது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஃபிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தார்.

அரக்கோணத்துக்குப் பிறகு இருவரும் அசந்துவிட்டோம். கண் விழித்தபோது பெரம்பூர் போயே போய்விட்டது. வண்டி சிக்னலில் நின்றிருந்தது. பேசின் பிரிட்ஜுக்குள் நுழைய வழி விடவில்லை. வெளியே பார்த்தால், வியாசர்பாடி ஜீவா பக்கம்! தண்டவாளம் தாண்டி, சுவர் தாண்டி, எங்கள் தெரு. இறங்கலாமா என்று கதவு வரை போனேன்.

"குதிச்சிகினா போவ? வா, குந்து. சென்ட்ரல்ல எறங்கி திரும்பி வா."

கடைசிக் காப்பியை ஊற்றினார். அரை மூடிகூட இல்லை. ஆறிப்போயிருந்தது, மேலே ஏடு மிதந்தது. பாதி குடித்துவிட்டு நீட்டினேன்.

"வேணாம், நீயே குடி." மூடியை வாங்கித் துடைத்தபடி சொன்னார்: "பரண்ல கீறத எறக்கு. மூடிக்குள்ள நாறும். ஆப்ப சோடா போட்டு வெந்நில ஒரு ராத்திரி ஊற வை."