முல்லைப்பாட்டு, முதல் ஆறு அடிகள்: மீள்பார்வைக் குறிப்பு

நனந்தலை உலகம் வளைஇ நேமியொடு
வலம்புரி பொறித்த மாதாங்கு தடக்கை
நீர்செல நிமிர்ந்த மாஅல் போலப்
பாடுஇமிழ் பனிக்கடல் பருகி வலன்ஏர்பு
கோடுகொண்டு எழுந்த கொடுஞ்செலவு எழிலி
பெரும்பெயல் பொழிந்த சிறுபுன் மாலை

பத்துப்பாட்டில் மிகச் சிறியதாகிய, 103 அடிகள் கொண்ட இப்பாட்டை நப்பூதனார் இவ்வாறு தொடங்குகிறார். ஆறு அடிகளும் ஒரே தொடராக ஓடி 'மாலை' என்னும் சொல்லில் வந்து நிற்பதால், பொருள் கொள்ளும்போது 'எழிலி' என்னும் சொல்லை முதலில் கண்டுகொள்ள வேண்டும். எழிலி என்பது மேகம். வளைத்தது, பருகியது, எழுந்தது, பொழிந்தது ஆகிய எல்லாம் அதன் செயல்களே.

எளிய உரைநடை: சக்கரமும் வலம்புரிச் சங்கும் பொறித்த, திருமகளை அணைத்த பெரிய கைகளை உடைய திருமால், மாவலி வார்த்த நீர் தன் கையில் விழுந்ததும் விண்ணளவு உயர்ந்து நின்றான். அவனைப் போல, ஒலி முழங்கும் குளிர்ந்த கடலின் நீரைப் பருகிய மேகம், வலமாக எழுந்து, மலைகளில் தங்கி, அங்கிருந்து மேலும் உயர்ந்து, அகன்ற உலகத்தை வளைத்துக்கொண்டு விரைந்து சென்று பெருமழையைப் பொழிந்தது. அவ்வாறு பொழிந்து முடிந்த, பிரிந்தவருக்குத் துன்பம் தரும் சிறுபொழுதாகிய மாலை அது.

'மழை பெய்த மாலை நேரம்' என்று சுருக்கி எழுதினால் பொருள் பிழையாகாது. ஆனால் பாட்டின் உயிர் போய்விடும். மேகம் கரியது, திருமாலும் கரியவன் என்ற நிற ஒற்றுமையோடு நின்றுவிடுவதும் போதாது. கையில் நீர் பட்டதும் குறளுருவம் ஓங்கி வளர்ந்தது. கடல்நீரை உண்டதும் மேகம் ஓங்கி வளர்ந்தது. இரண்டிடத்தும் வளர்ச்சிக்கு முன் நிற்பது நீர்தான். உலகை மூன்றடியால் அளந்தவனை, உலகையே வளைத்த மேகத்துக்கு உவமையாக்கிய பொருத்தம் வியக்கத்தக்கது. ஆகவே நீர், நிமிர்தல், உலகம் ஆகிய மூன்றும் உரைநடையில் விடாமல் வரவேண்டும். மாவலியின் பெயர் பாட்டில் இல்லை. 'நீர்செல' என்பதிலிருந்து நாம் வருவித்துக்கொள்வது.

ஆறாம் அடியில் 'பெரும்பெயல்', 'சிறுபுன் மாலை' என்று பெருமையும் சிறுமையும் அருகருகே நிற்கின்றன. அத்தனை பெரிய மழைக்குப் பின் வருவது சிறிய, வருத்தம் மிக்க பொழுது. முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுதாகிய கார்காலத்தை மழையாலும், சிறுபொழுதாகிய மாலையை நேராகவும் இவ்வோரடியே காட்டிவிடுகிறது. போருக்குச் சென்ற தலைவனை எண்ணிக் காத்திருப்பவளுக்கு இம்மாலை ஏன் துன்பமானது என்பதை அடுத்த அடிகளில் வரும், விரிச்சி எனப்படும் நற்சொல்லைக் கேட்கும் காட்சியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.