நான் பிறந்த நேரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் ‘பரவாயில்லை’ என்று சொல்லி முடித்துவிடுவீர்கள். அதனால்தான் இதையும் கடிதமாகவே எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

நான் பிறந்த நேரம் எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும் அப்பா. ‘விடியற்காலை நாலு மணி வாக்கில்’ என்று இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். போன வருடத்திலிருந்து நான் ஜோதிடம் படிக்கிறேன் அல்லவா, முதலில் கணித்துப் பார்த்தது என் ஜாதகத்தைத்தான். 1997 நவம்பர் 13. நட்சத்திரம் அசுவினி, அதில் சந்தேகமே இல்லை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், பத்து இருபது நிமிடம் அங்கே பெரிதில்லை. லக்னம் அப்படியில்லை. சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ராசி என்று நகர்ந்துவிடும். எனக்கு அது மாறுகிற இடம் சரியாக 4.15-ஐ ஒட்டி வருகிறது. அதற்கு முன் என்றால் கன்னி, பின் என்றால் துலாம். லக்னம் மாறினால் பன்னிரண்டு பாவமும் மாறிவிடும். இரண்டு கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு வேறு பெண்களின் ஜாதகம் மாதிரி இருக்கிறது.

அம்மா என் பெட்டியில் வைத்து அனுப்பிய குழந்தை அட்டை இங்கேதான் இருக்கிறது. எடை 2.8 கிலோ என்று தெளிவாக இருக்கிறது. நேரம் எழுதிய இடத்தில்தான் அட்டை மடிந்து மடிந்து மை போய்விட்டது. நாலு தெரிகிறது, கடைசி ஐந்து தெரிகிறது. நடுவில் இருப்பது பூஜ்யமா இரண்டா? லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். 4.05 என்றால் கன்னி, 4.25 என்றால் துலாம். பிறப்புச் சான்றிதழில் நேரமே இல்லை.

அப்பாயி நோட்டில் உதயாதி நாழிகை ஐம்பத்தைந்தேகால் என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். முந்தின நாள் சூரிய உதயம் 6.10 என்று வைத்து அதிலிருந்து கணக்குப் போட்டால் 4.16 வருகிறது, கோட்டின் மேலேயே! கால் நாழிகைக்கே 6 நிமிடம் என்பதால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

அதனால் மூன்று காரியம் செய்ய வேண்டும் அப்பா. எந்தக் காகிதத்தையும் எடுப்பதற்கு முன்னால், அன்றைக்கு நடந்ததை உங்கள் நினைவில் இருக்கிறபடி எழுதுங்கள். நர்ஸ் வந்து சொன்னபோது கடிகாரம் பார்த்தீர்களா, எந்தக் கடிகாரம்? உங்கள் கைக்கடிகாரத்தை எப்போதும் ஐந்து நிமிடம் கூட்டித்தானே வைத்திருப்பீர்கள், அப்போதும் அப்படித்தானா?

அப்புறம் அம்மாவின் பழுப்பு ஃபைல். டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, உங்கள் 1997 டைரி எல்லாவற்றையும் பாருங்கள். டைரியில் 13-ஆம் தேதியில் இல்லையென்றால் 12-ஐயும் பாருங்கள். பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும், அதனால் அப்பாயி சொல்லி யாராவது புதன்கிழமைக் கணக்கில் எழுதியிருக்கலாம். பரணில் நீங்கள் ஏறவே கூடாது. தம்பி ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவனை ஏறச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆஸ்பத்திரியில் பிரசவ அறைப் பதிவேடு என்று தனியாக ஒன்று இருக்கும். பழையவை ரெக்கார்டு அறைக்குப் போயிருக்கும். அம்மா பெயர், தேதி, பெண் குழந்தை, 2.8 கிலோ, இவ்வளவு சொன்னால் தேடிவிடலாம். அம்மாவின் கேஸ் ஷீட் கிடைத்தால் இன்னும் நல்லது. நான் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை அவர்கள் படமெடுக்க விட்டால் என் வரியை மட்டும் எடுக்காதீர்கள், மேலும் கீழும் இருக்கிற வரிகளும் தெரியட்டும். அந்தக் கையில் பூஜ்யம் எப்படி இருக்கிறது, இரண்டு எப்படி இருக்கிறது என்று ஒப்பிட முடியும். அடுத்தவர்கள் பெயரை மட்டும் ஒரு காகிதத்தால் மறைத்துக்கொள்ளுங்கள். யாராவது ‘நாலேகால் என்று போட்டுக்கொள்ளுங்கள்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பதிவேடு இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

அம்மா இருந்திருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும். எத்தனையோ தடவை அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், நான் ஒரு தடவைகூட மணி கேட்கவில்லை. அது என்னை ரொம்ப உறுத்துகிறது அப்பா. அந்த அட்டையில் இருப்பது அவள் கையெழுத்து என்றுதான் தோன்றுகிறது. ஃபைலில் அவள் எழுதிய கணக்குச் சீட்டு ஏதாவது இருந்தால், எண்கள் தெரிகிற மாதிரி அதையும் ஒரு படம் அனுப்புங்கள்.

அவசரமில்லை. வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

உங்கள்
பாப்பா