மணி அடிக்காமலே நகரும் காலை: தம்பிக்கு நான்கு வாரத் திட்டம்

தம்பி,

அன்றைக்கு போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "அம்மா கூப்பிடாத காலையில், எழுந்து உட்கார்ந்த பிறகும் அடுத்து என்ன செய்வதென்று தோன்றவே மாட்டேங்குது அக்கா." இருபத்திரண்டு வருடமாக எழுப்புவது, பல் துலக்கச் சொல்வது, பையை எடுத்தாயா என்று கேட்பது எல்லாம் அம்மா வேலையாகவே இருந்தது. இப்போது புது வேலை, தனி அறை, எட்டேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும். இதை நீ சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் காலையை இதுவரை வேறொருவர் நடத்தினார், அவ்வளவுதான்.

நானும் வீட்டை விட்டு வந்த புதிதில் ஒரே காலைக்குப் பதினோரு அலாரம் வைத்தேன். முதல் வாரம் எல்லாம் சரியாக நடந்தது. மூன்றாவது வாரத்தில் கண்ணைத் திறக்காமலே கை தானாகப் போய் அணைத்துவிட்டு வந்தது. அலாரத்தை அணைப்பதுதான் எனக்குப் பழகியிருந்தது. அதனால் உன் திட்டத்தில் நினைவூட்டல்களைத் தாராளமாக வைத்துத் தொடங்குகிறோம், ஆனால் முதல் நாளிலிருந்தே அவற்றை எடுப்பதற்காகத்தான் வைக்கிறோம். கடைசியில் காலையில் ஓர் அலாரம், இரவில் ஓர் அலாரம் மட்டும் மிஞ்சும். நடுவில் ஒவ்வொரு வேலையும் அடுத்த வேலையைக் கூப்பிட வேண்டும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010இல் வெளியானது. ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமல் வரும் நிலையை எட்ட சராசரியாக 66 நாள் என்று கணக்கிட்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைகூட. ஆகவே நான்கு வாரத்தில் எல்லாம் தானாக ஓட வேண்டும் என்று எதிர்பார்க்காதே. இந்த 28 நாளில் நினைவூட்டல்கள் மட்டும்தான் போகும், யோசித்துச் செய்வது இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை.

தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, சாயங்காலம்

ஆறே வேலைகள், இந்த வரிசையில்: எழுந்து ஜன்னல் திரையை விலக்குவது, பல் துலக்குவது, ஒரு டம்ளர் தண்ணீர், படுக்கையைச் சரிசெய்வது, ஐந்து நிமிடம் உடம்பை நீட்டி வளைப்பது, கிளம்பும் முன் பையைப் பார்ப்பது. குளியலையும் சாப்பாட்டையும் இதில் சேர்க்கவில்லை. வேலைக்குப் போகிற அவசரமே அவற்றைச் செய்யவைத்துவிடும். வாசிப்பு, தியானம், டைரி என்று உனக்கு ஆசை வரும். இந்த நான்கு வாரத்துக்கு வேண்டாம்.

போனில் ஆறு அலாரம் வை: 6:00, 6:05, 6:12, 6:15, 6:20, 7:50. ஒவ்வொன்றுக்கும் பெயராகச் செய்ய வேண்டியதையே எழுது. "திரையை விலக்கு", "பல்", "தண்ணீர்", "போர்வை", "நீட்டு", "பை". வெறும் மணி அடித்தால் தூக்கக் கலக்கத்தில் எது எதற்கென்று புரியாது. எழுந்த முதல் கால் மணி, அரை மணி நேரம் மூளை மந்தமாகத்தான் இருக்கும், அது எல்லோருக்கும் அப்படித்தான். திரையை முதலில் வைத்ததும் அதனால்தான், வெளிச்சம் பட்டால் கலக்கம் சீக்கிரம் தெளியும்.

இரவு 10 மணிக்கு ஏழாவது அலாரம், "விளக்கை அணைக்கத் தயாராகு" என்று. பத்தரைக்குப் படுத்தால் ஆறு மணிக்குள் ஏழரை மணி நேரத் தூக்கம் கிடைக்கும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கத்தைத் திருடி நடத்தும் எந்தக் காலையும் பத்து நாள் தாண்டாது. போனைக் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில், ஜன்னல் பக்கம் வை. அலாரத்தை அணைக்கப் போன கை அப்படியே திரையைப் பிடிக்கட்டும்.

கடைசியாக, ஒரு தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டு. 28 வரிசை, ஆறு பத்தி.

முதல் வாரம்: எல்லா நினைவூட்டலும் உண்டு

இந்த வாரம் உன் வேலை, சொன்னபடி கேட்பது மட்டும். அலாரம் அடித்ததும் செய். நன்றாகச் செய்ய வேண்டியதில்லை. போர்வை கோணலாக இருக்கலாம், நீட்டல் இரண்டே நிமிடமாக இருக்கலாம். ஆனால் வரிசை மாறக்கூடாது, வரிசைதான் பின்னால் அலாரத்தின் வேலையைச் செய்யப்போகிறது.

6:30க்கு அம்மா கூப்பிடுவார். நான் பேசிவிட்டேன். "எழுந்தாயா" என்று கேட்க மாட்டார், "எதுவரை முடிந்தது" என்று மட்டும் கேட்பார். "போர்வை வரைக்கும்மா" என்று பதில் சொன்னால் போதும்.

தாளை இரவில் நிரப்பு, காலையில் வேண்டாம். அலாரம் அடித்த பிறகு செய்திருந்தால் வட்டம். அடிப்பதற்கு முன்பே நீயாகச் செய்திருந்தால் டிக். விட்டுப்போயிருந்தால் கட்டத்தை அப்படியே விடு, சிவப்பில் எதுவும் போடாதே. முதல் வாரம் எல்லாம் வட்டமாகவே இருக்கும். நல்லதுதான்.

ஞாயிற்றுக்கிழமை தூங்கிக்கொள்ளலாம், ஆனால் ஏழு மணியைத் தாண்ட வேண்டாம். பத்து மணி வரை படுத்துவிட்டு அன்று இரவு தூக்கம் வராமல் புரள்வதும், திங்கட்கிழமை முழுக்கக் கண் எரிவதும் உனக்கு ஏற்கனவே தெரிந்த கதைதானே.

இரண்டாம் வாரம்: ஒன்றை எடு, மற்றதைத் தள்ளிவை

தண்ணீர் அலாரத்தை அழித்துவிடு. அதற்குப் பதில் முந்தைய இரவே டம்ளரில் தண்ணீர் ஊற்றி மூடி, பிரஷ் பக்கத்தில் வை. பிரஷ்ஷைத் திரும்ப வைக்கும்போது கை டம்ளரில் இடிக்க வேண்டும், அவ்வளவு கிட்டத்தில். ஆறு வேலையில் இதுதான் சுலபமானது, அதனால்தான் முதலில் இதை எடுக்கிறோம். தொடக்கத்திலேயே கஷ்டமானதை எடுத்தால் மனம் ஒடிந்துபோகும்.

6:00 அலாரம் அப்படியே இருக்கட்டும். மீதி நான்கையும் அழிக்காதே, தள்ளிவை: பல் 6:10, போர்வை 6:22, நீட்டல் 6:28, பை 7:55. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்தச் சில நிமிட இடைவெளியில்தான் "அடுத்து என்ன" என்று நீயே உன்னைக் கேட்டுக்கொள்வாய். மணி அடிப்பதற்குள் பதில் வந்துவிட்டால் டிக். வராவிட்டாலும் ஒன்றும் கெடவில்லை, அலாரம் பின்னால் நின்று பிடித்துக்கொள்ளும். நினைவூட்டலை ஒரேயடியாகப் பிடுங்கினால் மறந்த நாளில் எல்லாமே சரியும். தள்ளிவைத்தால் மறந்தாலும் வேலை நடக்கும். கையைப் பிடித்து நடக்கப் பழக்கும்போது விரலை மெல்லத் தளர்த்துவது மாதிரி.

அம்மா இந்த வாரம் மிஸ்டு கால் மட்டும் கொடுப்பார். எடுத்துப் பேசாதே.

மூன்றாம் வாரம்: சறுக்கும் இடம்

பல், போர்வை இரண்டின் அலாரமும் போகிறது. மிஞ்சுவது 6:00, 6:28, 7:55. ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டாம் வாரத்தில் ஒரு வேலைக்கு ஏழில் ஐந்து டிக் விழுந்திருந்தால்தான் அதன் அலாரத்தை எடு. மூன்று டிக்தான் என்றால் அந்த ஒன்றை மட்டும் இன்னொரு வாரம் வைத்துக்கொள். ஆறும் ஒரே வேகத்தில் பழக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அம்மா காலையில் கூப்பிட மாட்டார். சாயங்காலம் நீயே ஒரு வரி அனுப்பு. அவருக்கும் இது கஷ்டமான வாரம், அதை மனதில் வைத்துக்கொள்.

இந்த வாரம் நீட்டல்தான் முதலில் நழுவும். தண்ணீர் குடிக்காவிட்டால் தாகம் எடுக்கும், பல் துலக்காவிட்டால் வாய் ஒரு மாதிரி இருக்கும். நீட்டாமல் விட்டால் அன்றைக்கு ஒன்றுமே ஆகாது. அப்படிப்பட்ட வேலையை மனசு சத்தமில்லாமல் கழற்றிவிடும். அதனால் அதைப் போர்வையோடு தைத்துவிடு. போர்வையை மடித்து வைத்த இடத்திலேயே நில், கட்டிலை விட்டு நகராதே. மடித்த இரண்டு கையும் அப்படியே மேலே போகட்டும். அந்த முதல் அசைவு நடந்துவிட்டால் மீதி ஐந்து நிமிடமும் தானாக வரும். போனை எடுத்துவிட்டு அப்புறம் நீட்டலாம் என்று ஓரடி நகர்ந்தால் போச்சு.

ஒரே வேலை இரண்டு நாள் தொடர்ந்து விட்டுப்போனால் அதன் அலாரத்தைத் திரும்ப வை, மூன்று நாளைக்கு. நாலாம் நாள் எடுத்துவிடு. இதைத் தோல்வியாக எழுதிக்கொள்ளாதே. காய்ச்சல், இரவு வெகுநேரம் வேலை, ஊர்ப்பயணம் வந்தாலும் இதே வழிதான். அந்த மாதிரி நாட்களில் திரை, பல், தண்ணீர் மூன்றும் நடந்தால் அன்றைய காலை முழுசாக நடந்ததாகவே எடுத்துக்கொள்.

நான்காம் வாரம்

நீட்டலுக்கும் பைக்கும் அலாரம் இல்லை. காலையில் 6:00 மட்டும்.

பை மட்டும் கொஞ்சம் தனி ரகம். மற்ற ஐந்தும் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன, இதற்கு முன்னால் மட்டும் ஒன்றரை மணி நேரம் இடைவெளி. பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேறு வேலை கிடையாது. அதனால் ஞாயிறு இரவே பையைச் செருப்பின் மேல் வைக்கப் பழகு. அதைத் தூக்காமல் செருப்பைப் போட முடியாது. தூக்கியதும் ஜிப்பைத் திறந்து மூன்றைத் தொட்டுப் பார்: சாவி, அடையாள அட்டை, சார்ஜர். கண்ணால் பார்ப்பது போதாது, விரலால் தொடு.

வியாழக்கிழமை சுவரில் இருக்கும் தாளைத் திருப்பி ஒட்டு, வெள்ளைப் பக்கம் தெரியும்படி. அந்தத் தாளும் ஒரு நினைவூட்டல்தான். இரவில் மட்டும் திருப்பிப் பார்த்து நிரப்பு.

இரவு 10 மணி அலாரத்தை எடுக்காதே. 6:00 அலாரத்தையும்தான். வேலைக்குப் போகிறவர்கள் எழுவதற்கு அலாரம் வைப்பதில் எந்தக் குறையும் இல்லை. சில நாள் 5:55க்கே கண் விழிப்பாய். அப்போதும் அது அடிக்கட்டும், நீ திரை பக்கத்தில் நின்றுகொண்டு அணை.

28ஆம் நாள் இரவு தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. எந்தப் பத்தியில் இன்னும் வட்டம் அதிகமாக இருக்கிறதோ, ஐந்தாம் வாரத்தில் அந்த ஒரு வேலைக்கு மட்டும் அலாரத்தைத் தள்ளிவைத்துப் பார்ப்போம். புதிதாக எதையும் அதுவரை சேர்க்காதே. இந்த ஞாயிறு அஞ்சு மணிக்குக் கூப்பிடுகிறேன், ஆறு அலாரத்தையும் பேசிக்கொண்டே வைத்துவிடலாம்.

அக்கா