எலிக்கல்

கடைசிக் கேள்வி அடங்கிய அட்டையைப் பிரித்ததும் தொகுப்பாளர் முகம் மலர்ந்தார்.

“இது சிறுவயதுக் கேள்வி. சுட்டி டிவியில் தமிழில் பார்த்தோமே, ஜாக்கி சான் அட்வென்சர்ஸ், அந்தக் கார்ட்டூனில் 12 மந்திரக் கற்கள் வரும். அவற்றில் எலி பொறித்த கல்லுக்கு என்ன ஆற்றல்? 30 விநாடிகள்.”

தெப்பக்குளத்தை அடுத்த அந்தக் கல்யாண மண்டபத்தில் இளைஞர் கூட்டம் ஆரவாரித்தது. கேள்வி முடியும் முன்பே தேன்மொழிக்கு விடை வந்துவிட்டது. கீழடியில் அகழாய்வு தொடங்கிய ஆண்டையும் திருமலை நாயக்கர் மகால் எழுந்த ஆண்டையும் காலையில் தயங்காமல் சொன்னவளுக்கு இது ஒரு கேள்வியே அல்ல. முயல் கல் வேகம் தரும், பாம்புக் கல் ஆளை மறைக்கும், சேவல் கல் மிதக்க வைக்கும்; பன்னிரண்டையும் அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனாள். முதல் வரிசையில் தம்பி முருகேசன் இரண்டு கைகளையும் கோத்து முகவாய்க்கடியில் வைத்திருந்ததைப் பார்த்தாள். சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

2009ஆம் ஆண்டு. அவளுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. செல்லூரில் நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் நெய்த தாத்தா, பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் செயலிழந்து, தறிக்கு எதிரே போட்ட கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பாதி நெய்த சேலை தறியிலேயே இருந்தது. அதை அறுத்தெடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. எலிக்கல்லைப் பொம்மைக்குள் வைத்ததும் பொம்மை எழுந்து நடப்பதைக் கார்ட்டூனில் பார்த்த அன்று மாலை, முருகேசன் நூல் வந்த அட்டைப்பெட்டியை எட்டு மூலையாக வெட்டி, அடுப்புக்கரியால் அதில் எலி வரைந்தான். வால் மட்டும் நீளமாகிப் பின்பக்கம் வரை போய்விட்டது. அதைத் தாத்தாவின் வலது உள்ளங்கைக்கு அடியில் செருகிவிட்டு இருவரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

சற்று நேரம் கழித்து வலது கையின் சுண்டுவிரல் அசைந்தது. போர்வைக்குள் அவருடைய இடது கை மெல்ல ஊர்ந்து வந்து அந்த விரலைக் கீழிருந்து தட்டிவிட்டதையும், அதற்காக அவர் நெற்றி நரம்பு புடைத்ததையும் தேன்மொழி பார்த்தாள். தாத்தா அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மறுகணம் அவள், “தம்பி, அசைஞ்சிருச்சுடா!” என்று தெருவே கேட்கக் கத்தினாள். பத்து வயதுப் பெண் அவ்வளவு விரைவில் அதைப் புரிந்துகொண்டது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

‘அசையாததை அசைய வைக்கும்.’ சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வாயைத் திறந்தால் அழுகைதான் முதலில் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒலிவாங்கியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. பத்து விநாடிகள் இருப்பதாகத் தொகுப்பாளர் நினைவூட்டினார். கூட்டத்தில் யாரோ விடையை முணுமுணுத்து அதட்டு வாங்கினார். மணி அடித்தது. கேள்வி எதிரில் இருந்த கல்லூரி மாணவனுக்குப் போனது; அவன் சொன்னான். 25,000 ரூபாய்க்கான காசோலை அவன் கைக்குப் போனபோது தேன்மொழியும் மனமாரக் கைதட்டினாள்.

வீடு திரும்புகையில் சிம்மக்கல் தாண்டி, ஏ.வி. பாலத்தின் நடுவில் முருகேசன் வண்டியை ஓரங்கட்டினான். கீழே வைகையில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“உனக்குத் தெரியாமலா இருந்துச்சு, அக்கா?”

“தெரியும்டா.”

அவன் வெகுநேரம் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அன்னைக்குத் தாத்தா இடது கையாலதான் தட்டிவிட்டாரு. போர்வை மேல எழும்புனதை நான் பார்த்தேன். நீ அவ்வளவு சந்தோஷமாக் கத்துன, அதனால உங்கிட்ட சொல்லல.”

தேன்மொழி அவனைத் திரும்பிப் பார்த்தாள். தான் யாருக்காகக் கத்தினாளோ, அவனே அத்தனை ஆண்டுகளாகத் தன்னைக் காத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

“நானும் பார்த்தேன்டா,” என்றாள்.

கோரிப்பாளையம் பக்கமிருந்து வந்த பேருந்தின் வெளிச்சம் இருவர் மீதும் விழுந்து கடந்தது.

“அந்த அட்டை எங்க போச்சுன்னு நான் எவ்வளவோ தேடினேன்,” என்றாள் பிறகு. “தாத்தா போனதுக்கப்புறம் காணவே இல்ல.”

“தேடாத அக்கா,” என்றான் முருகேசன். “தூக்கறதுக்கு முன்னாடி அவரு வலது கைக்குள்ள நான்தான் வச்சுவிட்டேன்.”