திருவிழா நன்றிக் கடிதங்கள்: அனுப்புமுன் சரிபார்க்கும் பட்டியல்

சுங்கை சிப்புட் தோட்டக் கோயில் திருவிழாக் குழுவினருக்கு: எழுதி முடித்த கடிதத்தை ஓர் இரவு ஒதுக்கி வைத்துவிட்டு, மறுநாள் இப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியானவற்றுக்குப் பென்சிலால் குறியிட்டு, வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன் செயலாளரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

☐ கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடிகிறதா? கோயில் வரலாறு வேண்டாம். பெறுபவர்களுள் பலர் அதை நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

☐ நன்றி முதல் பத்தியிலேயே சொல்லப்பட்டுவிட்டதா?

☐ என்ன உதவி, எப்போது, அதனால் என்ன நடந்தது என்ற மூன்றும் உள்ளனவா? "தாங்கள் நல்கிய பேருதவி" என்று மட்டும் எழுதினால் அக்கடிதத்தை எவருக்கும் அனுப்பலாம். சாமான் கடைக்காரர் தந்த ஐந்து மூட்டை அரிசியில்தான் கடைசி நாள் அன்னதானம் நடந்தது என்பதையும், தேரோட்டத்தன்று குழாயில் நீர் வராதபோது தோட்ட நிர்வாகி அனுப்பிய தண்ணீர் லாரியால்தான் சமையல் நிற்கவில்லை என்பதையும் அவரவர் கடிதத்தில் எழுதுங்கள்.

☐ தொகை குறிப்பிட்டிருந்தால், அது ரசீதுப் புத்தகத்தில் உள்ள ரிங்கிட்டோடு ஒத்திருக்கிறதா?

☐ வாய்விட்டுப் படித்தீர்களா? "தாங்கள்" என்று தொடங்கிய கடிதம் நடுவில் "நீங்கள்" என்று மாறக் கூடாது. "கொடைவள்ளல்" போன்ற அடைமொழிகள் மேடைக்குரியவை, அவற்றை எடுத்துவிடுங்கள். "அடுத்த ஆண்டும் எதிர்பார்க்கிறோம்" என்ற வரி நன்றியை வசூலாக்கிவிடும் என்பதால் அதையும் நீக்குங்கள்.

☐ பெயர்கள் சரியா? இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள்.

லெட்சுமி என்ற ஒரே பெயரை ரூமியில் பலர் பலவாறு எழுதுவதால், காதில் விழுந்தபடி எழுதாமல், மைகார்டில் உள்ள எழுத்துக்கூட்டை உரியவரிடமே கேட்டு எழுதுங்கள். நம்மவர் பெயரிலும் மலாய்க்காரர் பெயரிலும் பின்னால் வருவது தந்தை பெயர் என்பதால், "பின்", "பிந்தி" ஆகியவற்றுக்கு அடுத்துள்ள பெயரைக் கொண்டு விளிக்கக் கூடாது. சீனர் பெயரிலோ குடும்பப் பெயர் முதலில் வரும். "திரு" என்பதற்குப் பின் அதுவே நிற்க வேண்டும். ஹஜ் சென்று வந்தவருக்கு "ஹாஜி" விடுபடக் கூடாது. பேராக் சுல்தான் வழங்கிய பட்டம் ரூமியில் "டத்தோ" என்றும், மாமன்னர் வழங்கியது "டத்துக்" என்றும் எழுதப்படும். "டத்தின்" என்பது பட்டம் பெற்றவரின் மனைவிக்குரியது, தாமே பட்டம் பெற்ற பெண்மணிக்கு அன்று.

☐ கடித உறையிலும் மலாய்ப் பிரதியிலும் அதே பெயர், அதே பட்டம் உள்ளனவா? ஐயம் இருந்தால் ஊகிக்காமல் பொருளாளரைத் தொலைபேசியில் கேளுங்கள். நன்கொடையாளர் பதிவேடு அவரிடம் உள்ளது.