குறைநாழி: ஒரு படியும் அது கைமாறிய நான்கு கதைகளும்

தொடரை எழுதும் நால்வரும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய குறிப்பு இது.

பொருள்

பித்தளை நாழி, உள்விட்டம் 11 செ.மீ. உள்ளாழம் 17 செ.மீ. இருந்திருக்க வேண்டும், அடியைக் கனமாக வார்த்ததால் 16 தான். கையில் எடுத்தால் ‘நல்ல கனம்’ என்றுதான் தோன்றும். நாழிக்கு 95 மி.லி. குறைவு. பதினேழு நாழி அளந்தால் ஒரு முழு நாழி விற்பவனிடமே தங்கும். இந்தக் கணக்கில் யாரும் கை வைக்க வேண்டாம், நான்கு கதைகளும் இதில்தான் கோக்கப்பட்டிருக்கின்றன.

மாயம்

நெல் அளக்கிறவர்கள் முதல் நாழிக்கு ‘ஒன்று’ என்பதில்லை, ‘லாபம்’ என்பார்கள். அந்தச் சொல் விழுந்ததும் மாயம் தொடங்கும். வாங்குபவருக்குக் குறைந்த அளவு, அன்றிரவே அளந்தவர் சோறு உண்ணும் அடுப்படியிலிருந்து மறையும். முதலாளி யார் என்று நாழி பார்க்காது, அளந்த கையைத்தான் பார்க்கும். மறைந்தது, முதல் கதையில் வரும் கூலிக்காரி பொன்னியின் வழியினர் பானையில் சேரும். இதைக் கதைக்குள் எந்தப் பாத்திரமும் விளக்கக் கூடாது. தானியத்துக்கு மட்டுமே பலிக்கும். புதிதாக ஒரு மணிகூட உண்டாகாது, இடம்தான் மாறும். அமுதசுரபி போல வற்றாததாக்கினால் இரண்டாம் கதையிலேயே எல்லாருக்கும் வயிறு நிறைந்துவிடும். பிறகு எழுத என்ன இருக்கிறது?

1. கணக்குப்பிள்ளை (கும்பகோணம், 1877)

தாது வருஷப் பஞ்சம். மண்டிக்காரர் அருணாசலம் நாச்சியார்கோயில் பட்டறையில் அடிக்கனமான நாழி ஒன்று வார்க்கச் சொல்கிறார். உலோகம் போதவில்லை. கூலிக்காரி பொன்னி அடகு வைத்து மீட்காத வெண்கலக் கும்பாவும் உலோகம் உருக்கும் மூசைக்குள் போகிறது. மண்டியில் அளப்பவர் கணக்குப்பிள்ளை சாமிநாதன். தினமும் வீட்டுப் பானை இறங்குகிறது. மனைவியைச் சந்தேகிக்கிறார், பிறகு எலியை. கடைசியில் அளந்த நாழிகளை அந்தப் பித்தளை நாழியின் உள்சுவரில் ஆணியால் கீறிக்கொண்டு வருகிறார். பதினேழாவது கீறல் விழுந்த இரவு பானையில் சரியாக ஒரு நாழி குறைந்திருக்கிறது. மறுநாள் முதலாளியிடம், “இனி நீங்களே அளந்துக்குங்க” என்கிறார். அவர் சிரிக்கிறார். சாமிநாதன் நாழியைத் துண்டில் சுற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போய், பினாங்குக்குக் கப்பலேறுகிறவனிடம் விற்றுவிடுகிறார்.

2. கங்காணி (பேராக், 1908)

நான்கில் கனமானது இதுதான். இடமும் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். ரப்பர் தோட்டத்தில் கங்காணி வீரப்பன் அரிசிப் படி அளக்கிறார். அவருக்குத் தனி அடுப்பு இல்லை, கூலிகளின் பொது அடுப்பில்தான் சாப்பாடு. அதனால் ஏமாந்தவர்களின் சோறே மறுபடி குறைகிறது. அதே நேரம் பொன்னியின் பேத்தி மாரியின் பானையில் தினமும் ஒரு பிடி கூடுகிறது. கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பேச்சு கிளம்புகிறது: “திருடி.” மாரி நாழியைப் பிடுங்கிக் கல்லில் அறைகிறாள். விளிம்பு நெளிந்து குறைவு 115 மி.லி. ஆகிறது, இனி பதினான்குக்கு ஒன்று. பதினேழு என்று பழகிய வீரப்பனின் பொய்க்கணக்கு மூட்டையோடு ஒத்துப்போகவில்லை, மாட்டிக்கொள்கிறார். நாழியை எறியச் சொல்கிறார்கள். மாரி எடுத்து வைத்துக்கொள்கிறாள். ஏன் என்று அவள் சொல்லக் கூடாது.

இங்கே வழுக்குமிடம் ஒன்று: மாரியைப் புனிதையாக்கிவிடுவது. கூடுதல் அரிசி வருவது அவளுக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. இந்தக் குற்றம் இல்லாவிட்டால் நாழியைக் கல்லில் அறைவதற்கு வேகம் வராது.

3. மகன் (பேராக், 1943)

ஜப்பானியர் ஆட்சி, மரவள்ளிதான் சாப்பாடு. கிழங்குக்கு நாழி அசையாது. எப்போதாவது அரிசி கிடைத்தால் மாரியின் மகன் முத்து அக்கம்பக்கத்துக்கு அளந்து, ஒவ்வொரு நாழிக்கும் மேல் ஒரு பிடி கொசுறு போடுகிறான். குறைவு ஈடாவதால் எந்தப் பானையிலும் ஒன்றும் மறையவில்லை. மாயத்துக்கு மாற்று இதுதான். முத்து அதை அறியாமலேயே செய்ய வேண்டும். சிறிய கதை, 600 சொல்லுக்கு மேல் போனால் கனம் தாங்காது.

4. நிறைநாழி (நாகப்பட்டினம், 1965)

முத்து ராஜுலா கப்பலில் திரும்பிவிட்டார். கடைகளில் கிலோ வந்துவிட்டது, படிக்கு வேலையில்லை. மகள் கல்யாணத்தில் குத்துவிளக்குப் பக்கத்தில் நெல் நிரப்பி நிறைநாழியாக வைக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாத்தா உள்ளே விரல் விட்டுக் கீறல்களை எண்ணுகிறார்: பதினேழு. “இது எங்கப்பா நாழி.”

“எங்கம்மா நாழி” என்கிறார் முத்து.

சண்டை முற்றி, ஒரு பெரியவர் இரண்டு வீட்டாரையும் அதிலேயே நெல் அளந்து மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். கதை இந்த அளவையில் முடிகிறது. தாத்தாவுக்கு விஷயம் தெரியும். அளந்து, மேலே ஒரு பிடி அள்ளிப் போடுகிறார். முத்து பழக்கத்தில் போடுகிறார். நிறைநாழியில் நெல் வைக்கும்போது யாரும் ‘லாபம்’ சொல்வதில்லை, ஆகவே இந்தக் கதைக்குள் மாயம் இந்த அளவையில்தான் முதல்முறை எழ வேண்டும். முந்தைய மூன்று கதைகளிலும் ‘லாபம்’ என்ற சொல் குறைந்தது ஒருமுறை வாசகர் காதில் விழுந்திருக்கட்டும், இல்லாவிட்டால் இந்தக் காட்சி புரியாது.