பின்னுக்குச் சுத்துங்கோ

பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஒரு மான் பின்னால் வந்தது. திருகோணமலை மான்களுக்குக் கடதாசி கிடைத்தால் புல் வேண்டாம். கிழவருக்கு அது தெரியும். கமக்கட்டில் இடுக்கியிருந்த உரப்பையை நெஞ்சுப் பக்கம் மாற்றிக்கொண்டு, "போ அங்கால, இது உனக்கில்லை" என்று குடையால் விரட்டினார். மான் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வாழைப்பழக் கடைப் பக்கம் போனது.

மார்கழி மழை. சம்பூரிலிருந்து விடியப் புறப்பட்டவர். முந்தியென்றால் மூதூரில் லோஞ்ச் ஏறிக் கடலால் வரவேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு பஸ்தான். லோஞ்சில் வந்த காலத்திலும் வேட்டி நனையும், இன்றைக்கும் நனைந்திருந்தது. பஸ் யன்னல் ஒன்று பூட்டுப்படவில்லை. பை மட்டும் நனையவில்லை என்று அவர் நம்பியிருந்தார்.

கந்தோரில் அவருடைய முறை வர பத்தரை மணி ஆகிவிட்டது. கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு அவருடைய பேத்தியின் வயதுதான் இருக்கும்.

"என்ன விசயம் ஐயா?"

"காணிப் பின்னுரித்து மாத்த வேணும். மனுசியின்ர பேர் கிடக்கு. அவ போய் ரெண்டு வருசம். மகளின்ர பேரைப் போட வேணும்."

"சரி, எல்லாத்தையும் தாங்கோ. ஸ்கேன் பண்ணி ஒரே ஃபைலா ஏத்தினால்தான் மேல எடுப்பினம்."

கிழவர் பையை மேசையில் வைத்து அவிழ்த்தார். உரப்பைக்குள் சொப்பிங் பை, அதற்குள் பழைய சாரம், அதற்குள் பொலித்தீன், அதற்குள் இன்னொரு பொலித்தீன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் பெருமூச்சு விட்டார். கடைசியில் கட்டு வெளியே வந்தது. அனுமதிப்பத்திரம், வருசக் கட்டணப் பற்றுச்சீட்டுகள், நில அளவையாளர் கீறின படம், கிராம சேவகர் கடிதங்கள், முகாமில் தந்த நிவாரண அட்டை, மரணச் சான்றிதழ், சத்தியக் கடதாசி. ஒரு மாட்டுக் கொள்வனவுத் துண்டும் கிடந்தது. அந்த மாடு எப்போதோ போய்விட்டது.

"நிவாரண அட்டை தேவையில்லை ஐயா."

"கிடக்கட்டும் பிள்ளை."

அவள் வாதாடவில்லை. முதல் பற்றுச்சீட்டை ஸ்கேனரின் மேல்தட்டில் வைத்து பட்டனை அமத்தினாள். மெஷின் இழுத்தது, கரகரத்தது, நின்றது. திரையில் Paper jam.

"ஈரக்குணம் ஐயா. மழை நாளில இது இப்பிடித்தான்." மூடியைத் திறந்து, துண்டை உருவியெடுத்து, உருளையைத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். போனது. அடுத்தது போனது. மூன்றாவதில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போய், ஒன்று மட்டும் வெளியே வந்தது. திரும்ப மூடி, திரும்பத் துணி.

"கண்ணாடியில வச்சு எடுக்க ஏலாதோ?" என்று வரிசையில் நின்றவர் கேட்டார்.

"கண்ணாடி ஏ4 அளவு அண்ணா. இந்தப் பழைய படிவமெல்லாம் நீட்டு. அடியில இருக்கிற கையெழுத்து வெட்டுப்பட்டா திருப்பி அனுப்பிப்போடுவினம்."

அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கதிரை தேடிப் போய் உட்கார்ந்தார்.

கிழவர் ஒரு தாளை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். நெல்லைக் கடித்துப் பதம் பார்க்கிற ஆள். "ஓம், ஈரம் ஏறியிருக்கு. ஈர நெல்லை மில்லில போட்டா உப்பிடித்தான் நிக்கும்" என்றார். பிறகு யாரையும் கேட்காமல் பக்கத்து மேசையில் கிடந்த தடித்த பேரேட்டைத் தூக்கி, தாள்களை ஒவ்வொன்றாக அதற்குள் வைத்து மூடி, மேலே இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். அந்த மேசைக்காரர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார், நல்லவேளை.

பேரேட்டு வைத்தியம் கொஞ்ச நேரம் வேலை செய்தது. கடிதங்கள் போயின, நில அளவைப் படம் போயிற்று. அனுமதிப்பத்திரத்தின் முறை வந்தபோது அவர் கையை எடுக்கவில்லை.

"தாங்கோ ஐயா."

"இது 81ஆம் ஆண்டு தந்தது."

"தெரியும் ஐயா. கவனமா வைக்கிறன்."

கவனமாகத்தான் வைத்தாள். பாதி போனதும் அதே கரகரப்பு. மடிப்பு இருந்த இடத்தில் தாள் விசிறி மாதிரி சுருங்கி, உருளைக்குள் மாட்டி நின்றது. அவள் முகம் வெளிறிவிட்டது. மூடியைத் திறந்து, வெளியே தெரிந்த நுனியைப் பிடித்தாள்.

"இழுக்காதேங்கோ!"

கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கிழவர் கவுண்டரின் மேலால் எட்டிக் குனிந்தார். குரலை இறக்கி, "இழுத்தா கிழியும் பிள்ளை. கிணத்தடியில கப்பியில கயிறு மாட்டினா என்ன செய்வம்? பின்னுக்குச் சுத்துங்கோ. வந்த வழியாலதான் போகும்" என்றார்.

உருளையின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சைச் சக்கரம் இருந்தது. இவ்வளவு நாளும் அவள் அதைத் தொட்டதில்லை. பெருவிரலால் பின்னுக்கு உருட்டினாள். ஒரு பல், இன்னொரு பல். தாள் நெல் நெல்லாகப் பின்வாங்கியது. முழுதாக வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். மேற்கு எல்லை எழுதின வரியில் ஒரு புதுச் சுருக்கம், அவ்வளவுதான்.

"மேற்கு புளியமரமும் வாய்க்காலும்" என்றார் கிழவர், பார்க்காமலே. "2006 சித்திரையில ஓடினம். திரும்பி வந்து பார்க்கேக்க மரம் இல்லை. வாய்க்கால் இருந்த இடத்தை நான் காலால நடந்து காட்டினன்."

அவள் லாச்சியைத் துழாவி, யாரோ விட்டுப்போன கண்ணாடிப் பொலித்தீன் உறை ஒன்றை எடுத்தாள். பத்திரத்தை அதற்குள் நுழைத்து மெஷினில் வைத்தாள். சத்தமில்லாமல் போய் மறுபக்கத்தால் வந்தது. இது காலையிலேயே ஞாபகம் வந்திருக்கலாம். ஆனால் கந்தோரில் எந்த நல்ல யோசனையும் பதினொன்றரைக்கு முன் வருவதில்லை.

கடைசியாகச் சத்தியக் கடதாசி. ஊருக்குத் திரும்பி வந்த வருசம் சமாதான நீதவான் முன்னால் கொடுத்தது. கீழே அவருடைய கையெழுத்து, பக்கத்தில் ஊதா மையில் ஒரு பெருவிரல். திரையில் அது கறுப்புப் பொட்டாக விழுந்திருந்தது.

"அது அவவின்ர கை" என்றார் கிழவர். "ரேகை விழேல்லையே?"

அவள் ஒரு விநாடி யோசித்தாள். பிறகு கலரில் மாற்றித் திரும்ப எடுத்தாள். படத்தைப் பெருப்பித்தாள். இன்னும் பெருப்பித்தாள். திரை முழுக்க ஊதாக் கோடுகள், உழுத வயல் மாதிரி வளைந்து வளைந்து. நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கீறல்.

"அது அரிவாள் வெட்டு" என்றார். "மாறின பிறகும் கிடந்தது."

அவள் திரையை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள். வரிசையிலிருந்து யாரும் பெருமூச்சு விடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் ஏறி முடிந்தது. கார்பன் வைத்து எழுதிய துண்டொன்றைக் கிழித்துக் கொடுத்தாள். கிழவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சீல்?"

"இதுக்குச் சீல் தேவையில்லை ஐயா. எல்லாம் கம்பியூட்டரில கிடக்கு."

"அடிச்சுத் தாங்கோ பிள்ளை."

அவள் எழுந்து போய், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவரின் மேசையிலிருந்து சீலை எடுத்து வந்து குத்தினாள். கிழவர் மை காயும்வரை ஊதினார். பிறகு அதை மாட்டுத் துண்டுக்கு மேலே வைத்து, பொலித்தீன், இன்னொரு பொலித்தீன், சாரம், சொப்பிங் பை, உரப்பை என்று ஒவ்வொன்றாகச் சுற்றினார்.

மழை விட்டிருந்தது. படியடியில் மான் நின்றது. கிழவர் பையை மற்றக் கமக்கட்டுக்கு மாற்றிக்கொண்டு இறங்கினார்.